அத்தை சொன்னதாகச் சொன்னது

என் மாமியாரின் பெயர் எங்கள் வீட்டில் எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கே இல்லை என்று சொல்வதுதான் சுலபம். குண்டா, சொம்பு, தாம்பாளம், தூக்குப்போசி, கரண்டிக் காம்பு என்று எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். இடம் போதாத டீஸ்பூனில் முதல் இரண்டு எழுத்தாவது இருக்கும். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்று கல்யாணமான புதிதில் சொல்லிவைத்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். எழுதினால் மட்டும் என்ன, கைக்கும் வாய்க்கும் தூரம் அதிகமில்லை.

அத்தை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வருஷத் திதி முடிந்த கையோடு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் வாயிலிருந்து செலவு வைக்கிற வார்த்தை தானாக வருவது அபூர்வம் என்பதால் நான் உடனே சரி என்றேன். அப்படியே இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டேன். அத்தை ரூமை எனக்குத் தாருங்கள் என்றேன்.

நான் தையல்காரி. மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் பக்கத்துப் பெண்கள் போட்டிருக்கும் ஜாக்கெட்டில் பாதி என் கையால் தைத்தது. மீதிப் பாதி சரியாக உட்கார்ந்திருக்காது, பார்த்தாலே தெரியும். ஆனால் மிஷின் போட எனக்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து முன்பக்கத் தகரச் சாய்ப்புக்குக் கீழேதான் என் தொழில். எங்கள் மலையில் பனிமூட்டம் அழையாத விருந்தாளி மாதிரி, கதவில்லாத இடத்தில் நேராக வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி நமுத்துப்போகும், ஊசி துருப்பிடிக்கும். ஒருமுறை கல்யாணப்பெண்ணின் வெள்ளை ஜாக்கெட்டில் அக்குளுக்குக் கீழே துருக்கறை விழுந்து, அதை மறைக்க அங்கே ஒரு பூ வேலை செய்து கொடுத்தேன். அந்த வருஷம் ஊரில் எல்லாரும் அக்குளில் பூ வைக்கச் சொல்லி வந்து நின்றார்கள்.

அத்தை ரூமுக்குக் கிழக்கே பார்த்த ஜன்னல் உண்டு. காலை வெளிச்சம் நேராகத் தரையில் விழும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைக்கூட அங்கே உட்கார்ந்தால் கோத்துவிடலாம். அந்த வெளிச்சத்தை இத்தனை காலமும் அனுபவித்தது பாத்திரங்கள்தான்.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு, அதில் இருக்கிற சாமானெல்லாம் என்ன ஆவது என்று கேட்டார். பிரித்து, வைத்துக்கொள்வதை வைத்துக்கொண்டு, கொடுப்பதைக் கொடுத்துவிடலாம் என்றேன். "மொதல்ல காலியாகட்டும் அம்மிணி, அப்பறம் பாக்கலாம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய "அப்பறம் பாக்கலாம்" எனக்குப் பழக்கம். அதில் பார்ப்பது கிடையாது. ஆனால் மறுக்கவும் இல்லையே என்று நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

பெயிண்ட் அடிப்பவர் செம்மேட்டிலிருந்து வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். ஈரம் ஏறியிருக்கிறது, பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் பெயிண்ட் என்றார். ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் எதுவும் காயாது, அதனால் வைகாசிக்குள் முடித்தாக வேண்டும், தவறினால் தைக்குத்தான் வருவேன் என்றார். ரூமில், மேலே அட்டாலிப் பரணில்கூட, எதுவும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு டம்ளர் இருந்தாலும் பெயிண்ட் குறி வைத்து அதன்மேல்தான் சொட்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை வருவதாகப் போனார்.

தையலில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் துணியை முழுக்க விரித்துவிட வேண்டும். மடிப்பில் வைத்து யோசித்தால் கணக்குத் தப்பும். அதேபோல ரூமிலிருந்ததை முழுக்க வாசலுக்குக் கொண்டுவந்தேன். மூன்று போர்வை விரித்தேன். சிவப்பில் வைத்துக்கொள்வது, பச்சையில் சொந்தத்துக்குக் கொடுப்பது, கோடு போட்டதில் தர்மத்துக்குக் கொடுப்பது. மனசைப் பிடித்து இழுக்காத சாமான்களை முதலில் எடுப்பது என்றும், போட்டோ, புடவை மாதிரியானவற்றைக் கடைசியில் எடுப்பது என்றும் தீர்மானம். ஆரம்பத்திலேயே புடவையைத் தொட்டால் அன்றைய வேலை அழுகையோடு முடிந்துவிடும். ஒரு சாமானை ஒரே முறைதான் கையில் எடுக்கலாம். எடுத்ததை எங்காவது ஒரு போர்வையில் வைத்தே ஆக வேண்டும். இது சட்டம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு முதலில் எடுத்தது பாத்திரமில்லாத ஒரு மூடி.

"இதுக்குப் பாத்திரம் எங்கீங்க?" என்றேன்.

பாத்திரம் தொலைந்து பல வருஷம் ஆயிற்றாம், ஆனால் மூடி நன்றாகத்தான் இருக்கிறதாம். சிவப்புப் போர்வையில் வைத்தார். அடுத்தது கம்பி மட்டும் மிஞ்சிய குடை. அதைப் பிடித்துக்கொண்டு அத்தை செம்மேட்டுச் சந்தைக்குப் போனதும், திரும்பி வரும்போது அன்னாசிப்பழ மூட்டையை விட்டுவிட்டுக் குடையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்ததும் முழுசாகச் சொன்னார். சிவப்பு. பிறகு பல்பில்லாத டார்ச், காது போன வாணலி, யாருடையது என்று தெரியாத ஒற்றைச் செருப்பு. செருப்புக்குக்கூட ஒரு கதை கிளம்பும் போலிருந்தது. அவருக்கு ஒரே வாதம், எல்லாம் அம்மா தொட்டது.

"இந்த ஊட்டுல அத்தை தொடாதது நான் ஒருத்திதானுங்க" என்றேன். "என்னையும் தூக்கி எங்கயாச்சும் வெச்சிருங்க."

மத்தியானம் வரைக்கும் பச்சையிலும் கோட்டிலும் காற்றுதான் படுத்திருந்தது. சிவப்புப் போர்வை சாமானுக்கு அடியில் காணாமல் போயிருந்தது. இப்படியே போனால் ரூமை வாசலுக்கு மாற்றினோம் என்பதுதான் மிஞ்சும். சோறு போடும்போது அவரிடம் ஒரு ஒப்பந்தம் பேசினேன். அத்தையின் தகர டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதை முழுக்க அவருக்கே கொடுத்துவிடுகிறேன், அதில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மூடி மட்டும் மூட வேண்டும். புழங்குகிற பாத்திரத்தில் வகைக்கு ஒன்று சமையலறைக்கு. மற்றதெல்லாம் வெளியே.

ரசம் நன்றாக அமைந்திருந்ததால் ஒத்துக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் டிரங்கை நிரப்புவதும் கலைப்பதுமாக இருந்தார். குடை குறுக்கே நிற்கவில்லை, நெடுக்கே நிற்கவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தார், உள்ளே ஏதோ முறிந்தது, பிறகு மூடிக்கொண்டது. முறிந்தது டார்ச் என்று அப்புறம் தெரிந்தது. ஆனால் பெட்டிக்கு அளவு வைத்ததும் மனுஷனுக்குத் தானாகவே தேர்ந்தெடுக்கும் புத்தி வந்துவிட்டதைக் கவனித்தேன். ஒற்றைச் செருப்பை அவரே கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். அத்தையின் மூக்குக்கண்ணாடியைத் தன் வேட்டியால் துடைத்து வைத்தார்.

சொந்தத்தில் முதலில் கேட்க வேண்டியது நாத்தனாரை. கேட்காமல் ஒரு கரண்டியைக் கொடுத்தாலும் அடுத்த பொங்கல் வரை பேச்சு வரும். அவர் அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் இருக்கிறார். வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டினேன். பட்டுப்புடவை இரண்டையும், வெண்கலப் பானையையும் கேட்டார். அவை அவருக்கு என்று நானே நினைத்திருந்தேன். கூடவே பல்லாங்குழியைக் கேட்டார். சின்ன வயதில் அதில் அம்மா கள்ளாட்டம் ஆடுவாள், ஒருநாள்கூட ஜெயிக்க விட்டதில்லை, இனிமேலாவது தனியாக ஆடி ஜெயிக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், சிரிப்பு முடிவதற்குள் போனை அணைத்துவிட்டார்.

அத்தையின் நூல் புடவைகள் சுலபமாகப் போயின. எண்பதைத் தாண்டி வாழ்ந்தவர் கட்டிய பழம்புடவை தூளி கட்ட ராசி என்று பிள்ளைத்தாய்ச்சி வீடுகளில் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள். துவைத்து, கஞ்சி போடாமல் காயவைத்துக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் வெட்டித் தலையணை உறை தைத்து வீட்டுக்காரருக்கு வைத்தேன். கீழே உள்ள முதியோர் இல்லத்துக்குப் போன் பண்ணிக் கேட்டதில், பழைய துணி வேண்டாம், மாத்திரை மருந்து வேண்டவே வேண்டாம், துவைத்த போர்வையும் வாக்கரும் பெரிய அண்டாவும் இருந்தால் தாருங்கள் என்றார்கள். கேட்டுக்கொண்டது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் அத்தனை கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் மூட்டையோடு இறங்கிப் போய், அதே மூட்டையோடு வாந்தியெடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம்.

மிஞ்சியது எவர்சில்வர். வெயிலில் வாசல் முழுக்கப் பளபளத்தது. பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லி நான் வாயை மூடுவதற்குள் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "எங்கம்மா பேரைத் தராசுல வெக்கறதாம்மிணி?" என்றார். சரி, ஊருக்குள்ளேயே வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம், அத்தை பெயர் ஒவ்வொரு அடுப்படியிலும் இருக்கட்டும் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

இங்கேதான் என் புத்தி பிசகியது. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமனே கொடுக்க மாட்டோம். வெறும் போசி வீட்டுக்குள் வந்தால் வறுமை வரும் என்பார்கள். அதனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சாமை அரிசி, ஒரு வெல்லக்கட்டி, மேலே ஒரு மலைவாழைப்பழம் வைத்தேன். முதலில் பக்கத்து வீட்டு அக்காவிடம் பெரிய குண்டாவைக் கொடுத்தேன். அவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். சாயங்காலமானால் அத்தையோடு வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அப்படியே வரிசையாக எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து காலி ரூமைப் பார்த்தேன். ஜன்னலோரம் மிஷின், அந்தச் சுவரில் நூல்கண்டு அடுக்க ஒரு பலகை, மூலையில் அளவு பார்க்க ஒரு கண்ணாடி. மனசுக்குள் பெயிண்ட் கலர்கூட முடிவாகிவிட்டது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா குண்டாவோடு வந்தார். கழுவித் துடைத்து, அதில் நிறையப் பலாச்சுளை போட்டு எடுத்துவந்திருந்தார். "சாமை நல்லாருந்துச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டுக் குண்டாவை வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதார்த்தத்தோடு பாத்திரம் போனால் பதார்த்தம்தான் அவர்களுக்கு. பாத்திரம் யாருடையது என்று அதன் கழுத்திலேயே வெட்டியிருக்கிறதே. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். மத்தியானத்துக்குள் வரிசை கட்டிவிட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு, அன்னாசி, மிளகு, அவித்த மொச்சை, ஒரு சொம்பில் தேன். ஒரு வீட்டில் போசிக்குள் ஒரு கோழிக்குஞ்சையே வைத்து அனுப்பியிருந்தார்கள். நான் கொடுப்பதற்கு முன்னால் இருந்ததைவிட ரூம் இப்போது நிறைந்திருந்தது. ஏனென்றால் பாத்திரத்தோடு சாப்பாடும் சேர்ந்திருந்தது, கோழி உள்ளே நடமாடியது.

வீட்டுக்காரர் பலாச்சுளையைத் தின்றுகொண்டே, அம்மா சாமானுக்கு இந்த ஊட்டை விட்டுப் போக மனசு வரவில்லை போலிருக்கிறது என்றார். நான் கோழிக்குஞ்சைப் பிடிக்கப் போனேன். பதில் பேசியிருந்தால் அதை இங்கே எழுதியிருக்க முடியாது.

வெறி பிடித்து, அடுத்த நாள் அதே பாத்திரங்களை வெறுமனே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இது உங்களுக்கே, திருப்பித் தர வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்னேன். ஒருவரும் தொடவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வெறும் பாத்திரத்தோடு வாசலில் நிற்கிறாளே என்று ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், எதற்கு இரவல் கேட்டு வந்தாய் கண்ணு, அரிசியா, பருப்பா என்று பரிதாபமாகக் கேட்டு அரைப்படி துவரம்பருப்பு போட்டு அனுப்பினார்கள். நிறைத்துக் கொடுத்தால் திரும்பி வருகிறது, வெறுமனே கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். திங்கட்கிழமை பெயிண்டர் வந்துவிடுவார். துவரம்பருப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்று அழலாமா என்று யோசித்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போனேன். குண்டாவை நீட்டினேன். என் நாக்கில் சனி உட்கார்ந்ததா சரஸ்வதி உட்கார்ந்தாளா தெரியாது, திட்டமே இல்லாமல் வாயில் வந்தது.

"அக்கா, இந்தக் குண்டாவை உங்களுக்குக் குடுக்கச் சொல்லி அத்தை சொல்லீட்டுப் போனாங்க. கடைசியா படுத்திருந்தப்பச் சொன்னாங்க."

அக்கா கிழங்கை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு குண்டாவை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செத்துப்போனவர் சொன்ன வார்த்தை. அதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

அதற்கப்புறம் என் கால் தரையில் படவில்லை. அந்த வீட்டுக்குத் தாம்பாளம், அத்தை சொன்னார்கள். இந்த வீட்டுக்கு இட்லிப்பானை, அத்தை அப்போதே சொன்னார்கள். கதவைச் சாத்திய வீட்டில் கதவைத் திறந்து, முந்தானையில் ஏந்தி வாங்கினார்கள். கோழிக்குஞ்சு அனுப்பியவர் அழுதே விட்டார். கடைசி இரண்டு மாதம் அத்தைக்குப் பேச்சே சரியாக வரவில்லை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. என் கணக்கில் மட்டும் படுக்கையில் கிடந்துகொண்டு ஓயாமல் பேசியிருக்கிறார்.

ஆனால் பொய்யை அளவாக வெட்ட எனக்குத் தெரியவில்லை. அத்தையை ஊரே பெரியம்மா என்றுதான் கூப்பிடும். மறுநாள் விடிந்ததும், எனக்கும் பெரியம்மா ஒன்று சொல்லியிருந்தார்களே என்று ஆள் வர ஆரம்பித்தது. ஒருவருக்கு ஆட்டுக்கல்லைச் சொல்லியிருந்தாராம். அதைத் தூக்கவே ஆள் கிடைக்காமல் கிடந்தது, வாயெல்லாம் பல்லாகக் கொடுத்தேன். ஒருவருக்கு எப்போதோ விற்றுவிட்ட மாட்டைச் சொல்லியிருந்தாராம். இன்னொரு அம்மாள் சாய்ப்புக்குக் கீழே போய், உங்கத்தை மிஷினை எனக்குன்னு சொன்னாங்க என்று என் தையல் மிஷின் மேலேயே கையை வைத்தார். அது என் அப்பா வீட்டுச் சீர் என்று நிரூபிக்க, அடியில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிற என் பெயரை அவரைக் குனியவைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. பரவாயில்லை, கத்திரிக்கோலாவது சொன்னார்களா என்று கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்காரர் ஒவ்வொரு வார்த்தையையும் நம்பினார். யார் வந்து அம்மா சொன்னாங்க என்றாலும், ஆமாங்க, சொல்லியிருப்பாங்க என்று தலையாட்டினார். அம்மா எல்லாரையும் நினைத்து நினைத்து வைத்திருக்கிறாள் என்று பெருமை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் டிரங்குமேல் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எனக்குன்னு ஒண்ணும் சொல்லலியா அம்மிணி?"

ஊருக்கெல்லாம் நான் அள்ளிவிட்ட பொய்யை இவரிடம் மட்டும் சொல்ல மனசு வரவில்லை. அத்தை நிஜமாகச் சொன்னது ஒன்று ஞாபகம் வந்தது. நல்லவேளை. அவன் பசி தாங்க மாட்டான் என்பார், அதுவும் பேச்சு நன்றாக இருந்த காலத்தில், தினமும், என்னைக் குத்திக்காட்டுவதற்காக. அதைச் சொன்னேன். குத்தலை மட்டும் எடுத்துவிட்டுச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், அப்புறம் எழுந்து போய் மிச்சமிருந்த பலாச்சுளையைத் தின்றார்.

திங்கட்கிழமை பெயிண்டர் வந்தபோது ரூம் துடைத்த பலகை மாதிரி இருந்தது. அட்டாலியில் ஒரு டீஸ்பூன்கூட இல்லை. பெயிண்டர் என்ன ரூம் இது, என்ன கலர் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர், இது அம்மா ரூம், அதே பழைய நீலமே அடித்துவிடுங்கள், வாசலில் கிடக்கிற அம்மா கட்டிலைத் திரும்ப இதே இடத்தில் போட்டு மேலே போட்டோவை மாட்டிக்கொள்கிறோம் என்றார். மிஷினை என்ன செய்வது என்று கேட்டேன். சாய்ப்புக்கு ஒரு படுதா கட்டித் தருகிறேன் என்றார். கடகடவென்று மிஷின் ஓடுகிற சத்தம் அம்மாவுக்குப் பிடிக்காதாம். போய் ஒரு வருஷமான அம்மாவுக்கு.

அத்தனையும் கழுவி, துடைத்து, தலையில் சுமந்து, ஊர் முழுக்கப் பொய் சொல்லிக் காலி செய்தது ஒரு கட்டிலும் போட்டோவும் காற்றாட இருப்பதற்கா? கண்ணில் நீர் முட்டியது. பெயிண்டர் பாவம், சுவர்ப் பக்கம் திரும்பி ஈரத்தைத் தட்டிப் பார்ப்பது போல நின்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். வீட்டுக்காரருக்கு மெதுவாகப் பேச வராது. நேராக ரூமுக்குள் வந்து, ஜன்னலைப் பார்த்து, வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஏன் சாமி, பெரீம்மா சொன்னதை நான் இத்தன நாளு உங்கிட்டச் சொல்லாமயே உட்டுட்டேன்" என்றார். "நான் போன பொறவு இந்த ரூமை எம்மருமவளுக்குக் குடுத்தரோணும், அவ வெளிச்சத்துல ஒக்காந்து தைக்கட்டும்னாங்க. இப்பவே சொன்னா அவ எம்மேலயே சேத்துச் சுண்ணாம்பு அடிச்சுப் போடுவான்னுதான் சொல்லலீன்னாங்க."

வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுண்ணாம்பு என்ற இடத்தில் அவர் உதடு நெளிந்தது, அம்மா சொல்லக்கூடிய வார்த்தைதான் அது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா சொல்லியிருந்தால் அப்புறம் என்ன பேச்சு என்றார். பெயிண்டரிடம், அம்மிணி என்ன கலர் சொல்கிறதோ அதையே அடியுங்கள் என்று சொல்லிவிட்டு, கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நான் கலர் சொன்னேன், வெள்ளையும் மஞ்சளும் கலந்தாற்போல. பெயிண்டர் சுரண்ட ஆரம்பித்தார். பழைய நீலம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அத்தை அப்படிச் சொல்லியிருப்பாரா? என் தையலை ஒருநாள்கூடப் பாராட்டாதவர். ஆனால் என்னைத் தவிர வேறு யார் தைத்த ஜாக்கெட்டையும் போடாதவர். சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். தெரியாமல் என்னால் அந்த ரூமில் உட்கார்ந்து ஒரு பொத்தான்கூட வைக்க முடியாது என்று தோன்றி, வேலியோரம் போனேன்.

அக்கா அத்தையின் குண்டாவில் கிழங்கை வேகப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அத்தை சொன்னது நெசந்தானுங்களா அக்கா என்று கேட்டேன்.

அவர் அடுப்பில் விறகைத் தள்ளி எரியவிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குண்டாவை எனக்குக் குடுக்கச் சொன்னது நெசந்தானே கண்ணு?"

நான் குண்டாவைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"நெசந்தானுங்க அக்கா" என்றேன்.

"அப்ப இதுவும் நெசந்தான்" என்றார்.